யாருகிட்ட நல்லா நடந்துக்கிட்டாங்க?

மதுரைப் பக்கம் ஒரு மாணவர் வாசிப்புக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அமெரிக்காவில் 2005இல் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்ட ஸ்டான்லி 'டூக்கி' வில்லியம்ஸ் என்கிற கறுப்பரைப் பற்றி அன்று பேசினோம். சிறைக்குள் திருந்தி, குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதியவரைக் கொன்றது அநியாயம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். "அண்ணே, மேலவளவு குற்றவாளிங்க 13 பேர நன்னடத்தைன்னு 2019ல வெளிய விட்டப்ப நாம தெருவுக்கு வந்து கத்துனோமே. அங்க திருந்துனவனக் கொல்லாதேங்கிறோம். இங்க திருந்திட்டான்னு அரசாங்கம் சொன்னா விடாதேங்கிறோம். நம்மாளுன்னா ஒரு நியாயம், அவன்னா ஒரு நியாயமா?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. கேள்வி நியாயமானது. 'அது வேற, இது வேற' என்று சொல்லித் தப்பிக்கலாம். எது வேறு, எப்படி வேறு என்று சொல்ல முடியவில்லை என்றால் நாம் பேசுவது நியாயம் இல்லை, கட்சி கட்டல்தான். தண்டனை எதற்காக என்ற கேள்விக்குள் இறங்காமல் இதற்குப் பதில் கிடையாது.

தண்டனைக்கு இரண்டு நியாயங்கள் காலங்காலமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, செய்த வினைக்குத் தக்க தண்டனை. குற்றம் செய்தவன் அதற்கு உரியதைப் பெற வேண்டும், அதனால் நாளை யாருக்கு என்ன நன்மை என்று பார்க்கக்கூடாது. ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1797இல் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். ஒரு தீவில் இருக்கும் மக்கள் எல்லோரும் சமூகத்தைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போக முடிவு செய்கிறார்கள். அப்போதும் சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அவர். யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை, பார்ப்பதற்கும் ஆள் இல்லை. ஆனாலும் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும்.

இன்னொன்று, தடுப்பதற்கான தண்டனை. ஆங்கிலேயரான பெந்தாம் சொன்னது இது. தண்டனையும் ஒரு துன்பம்தான், அது தன்னளவில் நல்லதல்ல. அதைவிடப் பெரிய துன்பத்தைத் தடுக்கும் என்றால் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. ஒருவனைத் தண்டித்தால் அவனும் மறுபடி செய்யமாட்டான், பார்க்கிற நாலு பேரும் பயப்படுவார்கள். முதலாவது நியாயம் பின்னால் திரும்பிப் பார்க்கிறது, இரண்டாவது முன்னால் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் திருந்தியவன் வந்து நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வில்லியம்ஸ் கதை அதைத்தான் காட்டுகிறது.

வில்லியம்ஸ் 1953இல் பிறந்தவர். 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்குப் பகுதியில், கறுப்பர்கள் வாழும் தெருக்களில், 'கிரிப்ஸ்' என்ற தெருக் கும்பலைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கும்பல் பெருகிப் பல நகரங்களுக்குப் பரவியது. அதன் துப்பாக்கிக்குச் செத்தவர்களில் மிகப் பலர் கறுப்பினப் பிள்ளைகளே. 1979இல் இரண்டு கொள்ளைகளில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் 26 வயதுக் கடைச் சிப்பந்தி. மற்ற மூவர் ஒரு சிறிய தங்கும் விடுதியை நடத்திவந்த வயதான தம்பதியும் அவர்களுடைய மகளும். கிடைத்த பணம் சொற்பம். இந்த நான்கு கொலைகளுக்காக 1981இல் வில்லியம்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நான்கு பேரை மறந்துவிட்டு வில்லியம்ஸைப் பற்றி மட்டும் பேசுவது நமக்கு அழகல்ல. செத்தவர்களை மறந்துவிட்டுப் பேசப்படுகிற நியாயம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அந்த விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பேசிய ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். மிருகக்காட்சி சாலையில் அடைபட்டுக் கிடக்கும் வங்கப் புலியோடு அவர் வில்லியம்ஸை ஒப்பிட்டார். கூண்டில் பார்ப்பது வேறு, அதன் காட்டில் பார்ப்பது வேறு என்று ஜூரிகளுக்குச் சொன்னார். வினைக்குத் தக்க தண்டனை என்கிற கொள்கைக்கு அடிப்படையே எதிரே நிற்பவன் மனிதன், தன் செயலுக்குத் தானே பொறுப்பானவன் என்பதுதான். புலிக்குப் பொறுப்பு கிடையாது. ஒருவனை மிருகம் என்று சொல்லிக்கொண்டே மனிதனுக்குரிய முழுத் தண்டனையையும் கேட்பது என்ன தர்க்கம்?

தக்க தண்டனை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் உஷாராவதற்குக் காரணம் இருக்கிறது. மனுஸ்மிருதியிலும் 'தக்கது' உண்டு. அங்கே தக்கது என்பது செயலைப் பார்த்து அல்ல, பிறப்பைப் பார்த்து முடிவாகிறது. இருபிறப்பாளரை இழிவாகப் பேசிய சூத்திரனுக்கு நாக்கை அறு என்கிறது. கொலைத் தண்டனைக்குரிய பார்ப்பனனுக்கு மொட்டை அடித்தால் போதும் என்கிறது. தராசைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று கேட்காமல் எடைக்கு எடை நியாயம் பேசமுடியாது. காண்டின் தீவில் எல்லோரும் சமம். அப்படி ஒரு தீவில் நாம் வாழ்ந்ததில்லை.

வில்லியம்ஸ் கதைக்குத் திரும்புவோம். சான் குவென்டின் சிறையில் முதல் சில ஆண்டுகள் அவர் முரடராகவே இருந்தார். 1988இலிருந்து 1994 வரை தனிமைச் சிறை. அங்கே படிக்க ஆரம்பித்தார். வெளியே வந்தவர் பழைய ஆளாக வரவில்லை. 1996 முதல், கும்பலில் சேராதீர்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகங்களை ஒரு பெண் பத்திரிகையாளரின் துணையோடு எழுதி வெளியிட்டார். கிரிப்ஸைத் தொடங்கியதற்காக 1997இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கும்பல்கள் தங்களுக்குள் சமாதானம் செய்துகொள்ள ஓர் ஒப்பந்த மாதிரியை எழுதினார். நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் 2004இல் அதை வைத்தே இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. 2002இல் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த கூட்டாட்சி நீதிமன்றம்கூட, கும்பல் வன்முறைக்கு எதிராக அவர் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் கருணைக்குத் தகுதியானவர் என்று குறிப்பிட்டது.

இப்போது இரண்டு நியாயங்களையும் இவர்மேல் வைத்துப் பார்ப்போம்.

தடுப்பு நியாயம் முதலில். இவர் மறுபடி கொல்லுவாரா? அவர் கேட்டது விடுதலையை அல்ல. மரண தண்டனையை, பரோலே இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றுங்கள் என்பதே மனு. ஆக, அந்தப் பயத்துக்கு இடமில்லை. மற்றவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகவா? கும்பலில் சேரப்போகிற பன்னிரண்டு வயதுப் பையனை எது தடுக்கும்? எங்கோ ஒரு சிறையில் நடுராத்திரியில் ஏற்றப்படும் ஊசியா, கும்பலைத் தொடங்கியவனே 'நான் செஞ்சது தப்புடா, வராதே' என்று எழுதும் புத்தகமா? தடுப்பதுதான் நோக்கம் என்றால் வில்லியம்ஸை உயிரோடு வைத்திருப்பதே லாபம். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா என்று அதுவரை நடந்த ஆய்வுகளை அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் பரிசீலித்தது. குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ சொல்ல அந்த ஆய்வுகள் உதவாது என்று அறிக்கை தந்தது. தெரியாத லாபத்துக்காகத் தெரிந்த உயிர் ஒன்றைப் பறிப்பதாக ஆகிறது.

ஆனால் தடுப்புவாதி ஒன்று சொல்லலாம்: "புத்தகம் எழுதினா தப்பிச்சுக்கலாம்னு ஆயிடுமே." இந்த இடத்தில்தான் இந்த நியாயத்தின் ஓட்டை தெரிகிறது. பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்பதே குறி என்றால், திருந்தியவன் ஒரு தொந்தரவு. அவன் திருந்தினானா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. இன்னும் ஒரு படி போனால், அவன் குற்றம் செய்தானா என்பதும் கேள்வியில்லை. பயம் பரவினால் போதும். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனைப் பிடித்து மரத்தில் கட்டி அடிப்பவர்களும் "நாலு பேருக்குப் புத்தி வரணும்"னுதான் சொல்கிறார்கள். ஒரு மனிதனை மற்றவர்களுக்கான எச்சரிக்கைப் பலகையாக ஆக்காதே என்று காண்ட் சொன்னது இந்த இடத்தில் நம் பக்கம் நிற்கிறது.

அடுத்து, வினைக்குத் தக்க தண்டனை. இந்த நியாயம் சொல்லும்: வினை 1979இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் மகாத்மா ஆனாலும் செத்த நாலு பேர் எழுந்து வரப்போவதில்லை. இதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. நல்ல காரியம் செய்து கொலையைக் கழித்துக்கொள்ள முடியாது. கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்திப் பாவத்தைக் கழிப்பது போன்ற கணக்கு அது.

ஆனால் கலிபோர்னியா ஆளுநர் ஷ்வார்ஸ்நேகர் கருணை மனுவை 2005 டிசம்பர் 12இல் நிராகரித்தபோது இதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணங்கள் முக்கியமானவை. வில்லியம்ஸ் அந்த நான்கு கொலைகளைத் தான் செய்யவில்லை என்று கடைசிவரை மறுத்தார். செய்ததற்கு மன்னிப்புக் கேட்காதவன் திருந்தியவன் ஆகமாட்டான் என்றார் ஆளுநர். அப்படியானால், மன்னிப்புக் கேட்டிருந்தால் தண்டனை குறைந்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வினை மட்டும்தான் கணக்கு என்ற வாதம் அங்கேயே உடைந்துபோகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். வில்லியம்ஸ் 1998இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தைச் சிலருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். நெல்சன் மண்டேலா, மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ் பெயர்களோடு, 1971இல் அதே சான் குவென்டின் சிறையில் சுட்டுக்கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஜார்ஜ் ஜாக்சன் பெயரும் அதில் இருந்தது. ஜாக்சன் பெயர் இருப்பதே இவர் திருந்தவில்லை என்பதற்கு அடையாளம் என்று ஆளுநர் எழுதினார். அதாவது திருந்துவது என்றால் கொலை செய்யாதிருப்பது மட்டும் போதாது, கலகக்காரர்களையும் மறந்துவிட வேண்டும். அடங்கிப்போவதுதான் திருந்துவது. சேரியில் ஒருவன் எதிர்த்துப் பேசாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டால் 'நல்ல பையன்' என்று ஊர் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மறுநாள் 13ஆம் தேதி அதிகாலை 12.35க்கு வில்லியம்ஸ் செத்துப்போனார்.

அவர் மறுத்தாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? இதை நாம் மழுப்பக்கூடாது. அவர் உண்மையிலேயே செய்யவில்லை என்றால், செய்ததாகச் சொல்லி உயிரை வாங்கிக்கொள் என்று கேட்பது கொடுமை. அவருக்கு எதிரான சாட்சியத்தில் பெரும்பகுதி, கூட்டாளிகளும் தங்கள் வழக்கில் சலுகை எதிர்பார்த்தவர்களும் சொன்னது என்பதை மறக்கக்கூடாது. செய்தார் என்றால், அந்த நான்கு பேர் விஷயத்தில் அவர் திருந்தவில்லை. கும்பலைத் தொடங்கிய குற்றத்துக்கு மட்டுமே திருந்தினார், அந்தத் திருந்தல் அரைகுறை. அரைகுறைத் திருந்தல் ஒருவனை விடுதலை செய்யப் போதாது. ஆனால் அவனைக் கொல்லாமல் விடப் போதும். திருந்திக்கொண்டிருக்கிற ஒருவனைக் கொன்றால் மிச்சத்தையும் அவன் திருந்துவதற்கான வழியை நாமே அடைக்கிறோம். 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனையையே ஒழித்துவிடலாம் என்பதே தன் விருப்பம் என்று அம்பேத்கர் சொன்னார். சட்டம் தெரியாதவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதல்ல அது.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் தேர்தல் ஒருமுறை நின்றது, இன்னொரு முறை வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது, அவரும் உடன் வந்தவர்களும் மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. 40 பேர்மேல் வழக்கு. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்கள் விடுதலை. 2009இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன்பே 2008இல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மூன்று பேர் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி 13 பேர் ஒரே மூச்சில் வெளியே வந்தார்கள்.

அந்த மாதம் நான் பேசிய பெரியம்மா ஒருவர் கேட்டதை இன்னும் மறக்கமுடியவில்லை. "ஏப்பா, நல்லா நடந்துக்கிட்டாங்கன்னு விட்டுட்டாங்களாம்ல. யாருகிட்ட நல்லா நடந்துக்கிட்டாங்க? எங்ககிட்டயா? செயில்ல இருக்க வார்டருகிட்டதான?"

தத்துவ நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைப் பெரியம்மா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். சிறை அதிகாரி எழுதும் நன்னடத்தைக் குறிப்பு எதைப் பார்க்கிறது? சண்டை போட்டானா, கொடுத்த வேலையைச் செய்தானா, பரோலில் போய்க் குறித்த நாளில் திரும்பினானா. இவையெல்லாம் சாதிவெறி பிடித்த ஒருவன் வெறி துளியும் குறையாமலே செய்யக்கூடியவை. மேலவளவில் நடந்தது குடிபோதைத் தகராறு அல்ல. தலைவர் நாற்காலியில் பறையன் உட்காரக்கூடாது என்பதற்காக நடந்த கொலை. அந்தக் குற்றத்தில் திருந்துவது என்றால் ஒரே அர்த்தம்தான்: அவன் உட்காரட்டும் என்று ஏற்றுக்கொள்வது. அதைச் சோதிக்கச் சிறைக்குள் வழியே இல்லை. ஊருக்குள், உறவுக்காரன் நடுவில், செத்தவர்களின் குடும்பத்துக்கு முன்னால்தான் அது தெரியும். விடுதலையை எதிர்த்து வழக்குப் போனதும், இவர்கள் மேலவளவுப் பக்கம் போகாமல் வேலூரில் தங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் இடைக்காலமாக உத்தரவிட்டது. திருந்தியவர்கள் என்றால் ஊருக்குள் வர ஏன் தடை? திருந்தல் நிரூபிக்கப்படவில்லை என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

வில்லியம்ஸ் தான் எதைக் கட்டினாரோ அதையே இடிக்க வேலை செய்தார். தன் கும்பலால் பாதிக்கப்பட்ட தெருக்களின் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். இவர்களின் விடுதலையில் காரணமாகக் காட்டப்பட்டது ஒரு தலைவரின் பிறந்தநாள். பதின்மூன்று பேரும் ஒரே நாளில் திருந்துவது எப்படி? அந்தப் பதின்மூன்றில் ஒருவன் உண்மையிலேயே மனம் மாறியிருந்தால் அவனுக்கும் இது அநியாயம். அவன் மாற்றத்தை யாரும் விசாரிக்கவில்லை, கும்பலோடு கும்பலாகத் தள்ளிவிட்டார்கள்.

மேலவளவில் இரண்டு நியாயங்களும் என்ன சொல்கின்றன? தடுப்பு நியாயத்துக்குத் தண்டனையின் கடுமையைவிட நிச்சயம்தான் முக்கியம் என்று இத்தாலியரான பெக்காரியா 1764லேயே எழுதினார். தூக்கு வேண்டாம், ஆனால் உள்ளே போனவன் கொடி பறக்கும் ஏதாவது ஒரு நாளில் வெளியே வந்துவிடுவான் என்று ஊருக்குத் தெரிந்தால், அடுத்த ஒதுக்கீட்டுத் தொகுதியில் வேட்புமனு போடப்போகிறவன் யோசிக்க மாட்டானா? பயம் கொன்றவன் பக்கம் இல்லாமல் நம் பக்கம் வந்துவிடுகிறது. வினைக்குத் தக்க தண்டனையின் நல்ல பாதியும் நமக்கு வேண்டும். பழிவாங்க அல்ல. முருகேசனின் உயிரும் மற்ற உயிர்களின் அதே எடைதான் என்று அரசு வாயால் சொல்ல வேண்டும். மனு தராசை ஒருமுறையாவது நேராகப் பிடிப்பது அது. ஒரு பிறந்தநாளுக்குத் தண்டனையைக் கழித்தால் அந்த எடையும் கழிகிறது.

ஆகவே என் பதில் இது. வினையின் நியாயம் தண்டனைக்கு மேல் வரம்பு கட்டட்டும், நடந்தது அநியாயம் என்று சொல்லட்டும். தடுப்பின் நியாயம் தண்டனை நிச்சயமாகக் கிடைப்பதைப் பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்தாலும் கொல்லும் உரிமை வராது. திருந்தியவனின் சிறைக்காலத்தைக் குறைப்பதா என்ற கேள்வி எழும்போது ஒவ்வொருவனையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். செய்ததைப் பற்றி இன்று என்ன சொல்கிறான், யாருக்குச் செய்தானோ அவர்களை நோக்கி என்ன செய்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதே கடைசித் தீர்ப்பு என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நியாயம் தனிப்பட்ட பகையாகிவிடும். அவர்களைக் கேட்காமல் மட்டும் முடிவு எடுக்கக்கூடாது.

இந்தப் பதிலுக்கு நாம் தர வேண்டிய விலையும் உண்டு. நாளைக்கு அவர்களில் ஒருவன் வந்து, சொந்த சாதிக்காரன் முன்னால் நின்று, 'நான் செய்தது கொலை, அந்த நாற்காலி அவர்களுடையது' என்று சொல்லி அதற்காக அடியும் வாங்கினால், அவன் விடுதலையை நாம் எதிர்க்க முடியாது. எதிர்த்தால் அந்த மாணவர் சொன்னது சரியாகிவிடும்.

பாலி மரபில் அங்குலிமாலன் கதை உண்டு. பல பேரைக் கொன்றவன் புத்தரிடம் பிக்குவாகிறான். அரசன் அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் பிச்சைக்குப் போகும்போது கல்லும் தடியும் ஓடும் அவன்மேல் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து ரத்தம் ஒழுகத் திரும்பி வருகிறான். தாங்கிக்கொள் என்கிறார் புத்தர், உன் வினையின் பலன் இது. அவர் அவனைக் காட்டுக்கோ வேறு ஊருக்கோ அனுப்பவில்லை. தான் கொன்றவர்களின் ஊருக்குள்ளேயே ஓட்டை ஏந்தி அவன் நடந்தான். பெரியம்மா கேட்ட கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியும்.